வடித்த நீரில் போனது எது, காற்றில் போனது எது?

"காய்கறிகளைச் சமைக்கும்போதும் சேமிக்கும்போதும் வைட்டமின் இழப்பு எவ்வாறு ஏற்படுகிறது? நீரில் கரையும் வைட்டமின்களைக் காக்கும் வழிகளை விளக்குக." எட்டு மதிப்பெண் கேள்வி. ஊட்டச்சத்துப் பாடம் படிக்கும் மாணவருக்கு இது பழகிய கேள்விதான். படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். விடைத்தாளைத் திறந்தால் குறைவான நீரில் சமைக்க வேண்டும், பெரிய துண்டுகளாக நறுக்க வேண்டும், மூடி வைத்துச் சமைக்க வேண்டும், சமையல் சோடா சேர்க்கக் கூடாது என்று பத்து வரிகள் ஒழுங்காக இருக்கின்றன. எதுவுமே தவறில்லை. ஆனாலும் நான்கு மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்கக் கை வருவதில்லை. ஒவ்வொரு வழியும் எந்த இழப்பைத் தடுக்கிறது என்பது அந்தப் பத்து வரிகளில் எங்குமே இல்லை என்பதுதான் காரணம்.

விடைத்தாள்களைத் திருத்தித் திருத்தி நான் உணர்ந்தது ஒன்று உண்டு. மாணவர்கள் "வைட்டமின் போய்விடுகிறது" என்ற ஒரே தொடரில் இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகளை அடைத்துவிடுகிறார்கள். ஒன்று, வைட்டமின் காயிலிருந்து கரைந்து நீருக்குள் இறங்குவது. அது அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. பாத்திரத்தில் அதே வைட்டமினாகவே இருக்கிறது, நாம்தான் அதை வடித்துக் கொட்டுகிறோம். மற்றொன்று, வைட்டமினின் மூலக்கூறே உடைந்து வேறு பொருளாகிவிடுவது. அது எந்தப் பாத்திரத்திலும் இல்லை, திரும்பக் கிடைக்கவும் போவதில்லை. முதலாவதைக் கரைந்து வெளியேறுதல் என்றும் இரண்டாவதைச் சிதைதல் என்றும் பிரித்துக்கொண்டால், மனப்பாடம் செய்த பத்து வழிகளும் தாமாகவே இரண்டு கூடைகளில் போய் விழும்.

இந்தப் பிரிவை ஆய்வகத்தில் கண்ணால் பார்க்கலாம். வைட்டமின் சி அளக்கப் பயன்படும் இண்டோஃபீனால் சாயம் நீல நிறமானது. அமிலம் கலந்த கரைசலில் விழுந்தவுடன் இளஞ்சிவப்பாக மாறும். அங்கே வைட்டமின் சி இருந்தால் அந்தச் சிவப்பும் மறைந்து நிறமே இல்லாமல் போகும். முட்டைக்கோஸை வேகவைத்து வடித்த நீரை எடுத்து, அமிலம் சேர்த்து, பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சாயத்தை விட வேண்டும். முதல் சொட்டு விழுந்த இடத்தில் சிவப்பு தோன்றிக் குடுவையை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் காணாமல் போகும். இரண்டாவதும் பத்தாவதும் அப்படியே மறையும். எந்தச் சொட்டின் சிவப்பு சில நொடிகள் மறையாமல் நிற்கிறதோ அங்கே நிறுத்தி அளவைக் குறித்துக்கொள்கிறோம். கொட்டிவிடப் போகிற நீர் இத்தனை சொட்டுச் சாயத்தை விழுங்குவதைப் பார்த்த மாணவர், "வெப்பத்தால் வைட்டமின் ஆவியாகிவிடுகிறது" என்று பிறகு எழுதுவதே இல்லை. அந்த வரியை இன்னும் நிறைய பேர் எழுதுகிறார்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வைட்டமின் சி ஆவியாவதில்லை. நீரில் இறங்குகிறது, இல்லையென்றால் சிதைகிறது.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்கு எளிதாக வர வேண்டும் என்பதற்காக நான் வைத்துக்கொண்டவை. கணக்கு போடும் முறைதான் முக்கியம்.

200 கிராம் முட்டைக்கோஸ் எடுத்துக்கொள்கிறோம். பச்சையாக இருக்கும்போது 100 கிராமில் 40 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது என்றால், நம் கையில் இருப்பது 80 மில்லிகிராம். அதை நிறைய நீர் விட்டு 20 நிமிடம் வேகவைத்து வடிக்கிறோம். வெந்த கோஸ் 190 கிராம் இருக்கிறது. அதில் 100 கிராமுக்கு 16 மில்லிகிராம் என்று அளவு வருகிறது. அப்படியானால் கோஸில் தங்கியது ஏறக்குறைய 30 மில்லிகிராம். வடித்த நீர் 800 மில்லிலிட்டர். அதில் 100 மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம் வீதம் மொத்தம் 32 மில்லிகிராம் இருக்கிறது. கோஸில் 30, நீரில் 32, ஆக 62. தொடக்கத்தில் இருந்த 80-இலிருந்து இதைக் கழித்தால் 18 மில்லிகிராம் கணக்கில் வரவில்லை. அதுதான் சிதைந்தது.

இப்போது அதே 200 கிராமைக் கொதிக்கும் நீருக்கு மேலே தட்டில் வைத்து நீராவியில் 7 நிமிடம் வேகவைக்கிறோம். வெந்தது 190 கிராம், 100 கிராமுக்கு 34 மில்லிகிராம் என்றால் தங்கியது ஏறக்குறைய 65. கீழே சொட்டிய நீரில் 4. இரண்டும் சேர்ந்து 69. சிதைந்தது 11.

இரண்டு சமையலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சிதைவில் இருந்த வேறுபாடு 7 மில்லிகிராம்தான். கரைந்து வெளியேறியதில் இருந்த வேறுபாடு 28. நீராவி நல்லது என்று எல்லோரும் எழுதுகிறார்கள், ஏன் நல்லது என்பதற்கு "வெப்பம் குறைவு" என்று காரணம் சொல்கிறார்கள். சாதாரண அழுத்தத்தில் நீராவியும் கொதிநீரைப் போலவே 100 டிகிரி செல்சியஸில்தான் இருக்கிறது. வெப்பம் குறையவில்லை. காயைச் சுற்றி வைட்டமின் கரைந்து இறங்குவதற்கு நீர் இல்லை என்பதே முதன்மைக் காரணம். இந்த ஒரு வரியை எழுதிய மாணவருக்குப் பாடம் புரிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. முதல் சமையலில் வடித்த நீரைக் கொட்டாமல் சூப்பாகவோ குழம்பாகவோ பயன்படுத்தியிருந்தால், அந்த 32 மில்லிகிராமில் பெரும்பகுதி திரும்பவும் தட்டுக்கு வந்திருக்கும். அமெரிக்க வேளாண்துறை 2007-இல் வெளியிட்ட தக்கவைப்புக் காரணி அட்டவணையிலும் சமைத்த நீரை வடித்துவிடுவதையும் நீரோடு சேர்த்து உண்பதையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. நீருக்குள் இறங்கிய வைட்டமின் சி, காயின் செல்லுக்குள் இருந்ததைவிடக் காற்றுக்கு நெருக்கமாக இருக்கிறது. வடித்த நீரை எடுத்து வைத்து மறுநாள் பயன்படுத்தலாம் என்று எழுதினால், அதற்குள் அது சிதைந்துவிடும் வாய்ப்பு அதிகம். அன்றைய சமையலிலேயே சேர்த்துவிட வேண்டும்.

கரைந்து வெளியேறுவதைத் தடுக்கும் மற்ற வழிகள் எல்லாம் ஒரே கொள்கையில் நிற்கின்றன: காய்க்கும் நீருக்கும் இடையே உள்ள பரப்பையும், நீரின் அளவையும், தொடர்பில் இருக்கும் நேரத்தையும் குறைப்பது. பரப்பைக் குறித்து ஒரு சின்னக் கணக்கு. 4 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஓர் உருளைக்கிழங்குக் கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 96 சதுர சென்டிமீட்டர். அதையே 1 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 64 துண்டுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் 6 வீதம் 384 சதுர சென்டிமீட்டர். கிழங்கின் எடை அதேதான், பரப்பு நான்கு மடங்காகிவிட்டது. சிறு துண்டு சீக்கிரம் வெந்துவிடுமே, நேரம் மிச்சமாகுமே என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டார். நல்ல கேள்வி. நேரம் குறைவது உண்மைதான். அதனால் சொற்ப எண்ணெயில் வேகமாக வதக்கும்போது சிறு துண்டுகள் பெரிய குற்றமல்ல, அங்கே கரைவதற்கு நீரே இல்லை. நிறைய நீரில் வேகவைக்கும்போதுதான் பரப்பு பெருகுவது பெரிய இழப்பாகிறது. நறுக்கிய பின் கழுவுவதும், நறுக்கியதை நீரில் ஊறப்போடுவதும் இதே கணக்கில் வருகின்றன. கழுவிவிட்டு நறுக்க வேண்டும் என்பதற்கு இந்தக் காரணத்தைச் சேர்த்து எழுதினால்தான் அது விளக்கமாகும்.

இனி இரண்டாவது கூடை. சிதைவைப் பற்றிப் பேசும்போது வைட்டமின் சி-யை முன்னிறுத்துவது வழக்கம். நீரில் கரைவதோடு காற்று, வெப்பம், உலோகம், காரம் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்துவிடும் வைட்டமின் அது. ஒரு சமையல் முறையில் அது நன்றாகத் தங்கினால் மற்றவையும் பெரும்பாலும் தங்கியிருக்கும் என்று கொள்கிறார்கள். வைட்டமின் சி என்பது அஸ்கார்பிக் அமிலம். ஆக்சிஜனோடு சேர்ந்தால் அது டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாகிறது. இந்தக் கட்டம்வரை பெரிய கேடு இல்லை. நம் உடலால் இதையும் வைட்டமினாகப் பயன்படுத்திக்கொள்ள முடியும், பழைய நிலைக்குத் திருப்பவும் முடியும். அதற்கு அடுத்த படியில் வளையம் உடைந்து டைகீட்டோகுலோனிக் அமிலமாகிறது. அது வைட்டமின் அல்ல, திரும்பவும் ஆகாது. மேலே சொன்ன சாயச் சோதனையின் குறை இங்கேதான் இருக்கிறது. அது அஸ்கார்பிக் அமிலத்தை மட்டுமே காட்டும், டீஹைட்ரோ வடிவத்தைக் காட்டாது. ஆகவே சாயத்தை வைத்துப் போட்ட கணக்கில் "சிதைந்தது" என்று வரும் எண், உண்மை இழப்பைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும். செய்முறைத் தேர்வில் பிழைக்கான காரணம் கேட்டால் இதைச் சொல்லலாம்.

முட்டைக்கோஸ், வெள்ளரி போன்ற பல காய்களில் இந்த ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்தும் நொதி ஒன்று இருக்கிறது. அஸ்கார்பேட் ஆக்சிடேஸ் என்று பெயர், தாமிரத்தைத் தன்னுள் கொண்ட நொதி. செல் முழுதாக இருக்கும்வரை நொதியும் வைட்டமினும் பெரும்பாலும் எட்டியே இருக்கின்றன. கத்தி பட்டதும் அந்தத் தடுப்பு உடைந்து, இரண்டும் காற்றோடு கலக்கின்றன. நறுக்கிய காயை நீண்ட நேரம் வைக்கக் கூடாது என்பதும், மழுங்கிய கத்தியால் நசுக்கி வெட்டுவதைவிடக் கூரிய கத்தியால் வெட்டுவது நல்லது என்பதும், கீரையைக் கசக்கக் கூடாது என்பதும் இந்த ஒரே காரணத்திலிருந்து பிறக்கும் அறிவுரைகள்.

இந்த நொதியைப் பற்றித் தெரிந்தால்தான் "கொதிக்கும் நீரில் காயைப் போடு" என்ற விதி விளங்கும். வெறும் வெப்பக் கணக்கில் பார்த்தால் குளிர்ந்த நீரில் போட்டு மெல்லச் சூடேற்றுவது மென்மையான முறை என்றுதானே தோன்றும்? நடப்பது நேர்மாறு. நொதி வெதுவெதுப்பான நிலையில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. குளிர்ந்த நீரில் தொடங்கினால் காய் 30, 40, 50 டிகிரி என்று அந்தச் சுறுசுறுப்பான எல்லைக்குள் பல நிமிடங்கள் கிடக்கிறது. கொதிநீரில் போட்டால் காயின் மேற்பரப்பு அந்த எல்லையைச் சட்டென்று தாண்டிவிடுகிறது, நொதி செயலிழந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு: அறை வெப்பநிலையில் உள்ள நீரில் ஆக்சிஜன் கரைந்திருக்கிறது, கொதித்த நீரில் அது பெரும்பாலும் வெளியேறியிருக்கும். ஆகக் கொதிநீரில் தொடங்குவதால் நொதியும் போகிறது, ஆக்சிஜனும் போகிறது, சமைக்கும் நேரமும் குறைகிறது. ஒரு வழி, மூன்று காரணங்கள். தேர்வில் இதற்கு இணையாக மதிப்பெண் தரும் வரி வேறில்லை என்பேன்.

பிரஷர் குக்கர் பற்றி மாணவர்களுக்கு எப்போதும் ஐயம். உள்ளே 120 டிகிரிவரை போகிறதே, கேடு அதிகமல்லவா என்கிறார்கள். வெப்பநிலை உயர்ந்தால் சிதைவு வேகம் கூடுவது உண்மைதான். ஆனால் நேரம் வெகுவாகக் குறைகிறது, உள்ளிருந்த காற்றை நீராவி வெளியே தள்ளிவிடுகிறது, ஊற்றிய நீரும் குறைவு. குறித்த நேரத்தில் இறக்கினால் வைட்டமின் நன்றாகவே தங்கும். இறக்காமல் மறந்துவிட்டால் கதை வேறு, சில நிமிட அசட்டைக்கு அங்கே விலை அதிகம்.

சமையல் சோடா விஷயத்துக்கு வருவோம். பச்சைக் காயை மூடி வேகவைத்தால், வெளிவரும் அமிலங்கள் உள்ளேயே தங்கிப் பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றுகின்றன, நிறம் மங்கிப் பழுப்புப் பச்சையாகிறது. சோடா போட்டால் அமிலம் நடுநிலையாகி நிறம் பளிச்சென்று நிற்கும். காயும் சீக்கிரம் மென்மையாகும். கண்ணுக்கு எல்லாம் நல்லதாகத் தெரிகிற நேரத்தில், காரத்தில் தாக்குப்பிடிக்காத தயமின் இரண்டாக உடைந்துகொண்டிருக்கும். வைட்டமின் பி1 என்று நாம் சொல்வது அதைத்தான். இரு வளையங்களை இணைக்கும் பாலம் போன்ற ஒரு பிணைப்பு அதில் இருக்கிறது, காரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பாலம் அறுந்துவிடும். வைட்டமின் சி-யும் காரத்தில் விரைந்து சிதையும். பருப்பும் பயறும் சீக்கிரம் வேக வேண்டும் என்று சோடா சேர்ப்பது இன்னும் வருத்தமானது. தயமினுக்காக நாம் நம்பியிருக்கும் உணவுகளில் அவை முக்கியமானவை.

சோடா கேடு என்றால் அமிலம் காப்பு என்று தலைகீழாகத் திருப்பி எழுதுபவர்கள் உண்டு. பாதி சரி. அமிலத்தில் வைட்டமின் சி-யும் தயமினும் உறுதியாக நிற்கும். ஆனால் அமிலம் காயை மென்மையாக விடாது, சமைக்கும் நேரம் நீளும். பச்சை நிறமும் போகும். எலுமிச்சைச் சாறு, புளிப்பு எதுவானாலும் காய் வெந்த பிறகு சேர்க்கச் சொல்வது அதனால்தான்.

ஒரே பொருள் ஒரு வைட்டமினைக் காத்து இன்னொன்றை அழிக்கவும் கூடும் என்பதற்கு சல்ஃபைட் நல்ல சான்று. நறுக்கிய காய்களும் உலர்த்திய பழங்களும் கறுக்காமல் இருக்கச் சேர்க்கப்படும் அது, ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதால் வைட்டமின் சி-யைக் காக்கிறது. அதே சல்ஃபைட் தயமினின் அந்தப் பாலத்தை அறுத்துவிடுகிறது. "வைட்டமின்கள்" என்று மொத்தமாக எழுதாமல் எந்த வைட்டமின் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று நான் மீண்டும் மீண்டும் சொல்வது இதற்காகத்தான். எல்லா பி வைட்டமின்களும் வெப்பத்தில் அழியும் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். நியாசின் வெப்பத்துக்கும் காற்றுக்கும் ஒளிக்கும் அசையாதது, அதன் இழப்பு பெரும்பாலும் நீரில் கரைந்து போவதால் வருவது. ரைபோஃபிளேவினும் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் ஒளியைத் தாங்காது. தெளிவான கண்ணாடிப் புட்டியில் பாலை நேரடி வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்தால் அதன் ரைபோஃபிளேவினில் பாதிகூடப் போய்விடும். அதோடு ஒளியில் உடையும் ரைபோஃபிளேவின், பாலில் இருக்கும் சிறிதளவு வைட்டமின் சி-யையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. பாலை ஒளிபுகாத உறையில் அடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபோலேட்டோ கரைந்தும் போகும், ஆக்சிஜனேற்றத்திலும் போகும். ஆகவே கீரைகளுக்கு வைட்டமின் சி-க்குச் சொன்ன எல்லாக் காப்பு முறைகளும் ஃபோலேட்டுக்கும் பொருந்தும்.

சேமிப்பைப் பற்றிய பகுதியைப் பலர் "குளிர்ந்த, இருட்டான இடத்தில் வைக்க வேண்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பறித்த காய் உயிரோடுதான் இருக்கிறது, சுவாசிக்கிறது, நீரை இழக்கிறது, அதன் நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. கீரைக்கு எடையைவிடப் பரப்பு அதிகம் என்பதால் அது மிக வேகமாக வாடும். வாடிய இலையில் செல்கள் சேதமடைந்திருக்கும், வைட்டமின் சி-யும் அதோடு இறங்கும். உருளைக்கிழங்கில் இழப்பு மெதுவாக, மாதக்கணக்கில் நடக்கும். குளிர் நொதியின் வேகத்தைக் குறைக்கிறது, ஈரப்பதம் வாட்டத்தைக் குறைக்கிறது. காரணம் இரண்டையும் எழுத வேண்டும்.

உறைய வைக்கும் முன் காயைக் கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம் முக்கி எடுத்து உடனே பனிநீரில் குளிரவைக்கும் பிளாஞ்சிங் முறையை விளக்கச் சொல்லிக் கேள்வி வந்தால், அங்கே ஒரு முரண்பாடு போலத் தோன்றும் செய்தி இருக்கிறது. அந்த முக்குதலிலேயே சிறிது வைட்டமின் சி நீரில் கரைந்து போகிறது. தெரிந்தே அந்த இழப்பை ஏற்றுக்கொள்கிறோம். காரணம், நொதி உயிரோடு இருந்தால் கழித்தல் 18 டிகிரியில்கூட அது முற்றிலும் தூங்கிவிடுவதில்லை, மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தின்றுகொண்டே இருக்கும். முதலில் ஒரு சிறு பங்கைக் கொடுத்துப் பெரும்பங்கைக் காப்பாற்றுகிறோம். நொதி செயலிழந்ததா என்பதை எப்படி அறிவது? பெராக்சிடேஸ் என்ற நொதி வெப்பத்தை நன்றாகத் தாங்குவது. அது போய்விட்டால் மற்றவையும் போய்விட்டன என்று கொள்ளலாம். பிளாஞ்சிங் செய்த துண்டின் வெட்டிய பக்கத்தில் குவையகால் கரைசலையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஓரிரு சொட்டு விட்டால், நொதி மிஞ்சியிருக்கும் இடம் செம்பழுப்பாக மாறும். நிறம் வராவிட்டால் போதுமான அளவு முக்கியிருக்கிறோம். பெரும்பாலும் தண்டின் நடுப்பகுதியில்தான் நிறம் வரும், வெப்பம் அங்கே கடைசியாகச் சென்று சேர்வதால். கொதிநீருக்குப் பதில் நீராவியில் பிளாஞ்சிங் செய்தால் கரையும் பங்கு குறையும். உறைந்த காயைக் கரையவிட்டு வடியும் நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் காத்துவைத்ததில் ஒரு பங்கை அங்கே இழப்போம். ஆகவே உறைந்த நிலையிலேயே நேராகக் கொதிநீரிலோ நீராவியிலோ போட வேண்டும்.

சமைத்த பிறகும் இழப்பு நிற்பதில்லை. வெந்த காயைச் சூடாகவே மணிக்கணக்கில் வைத்திருப்பதும், ஆறவைத்து மீண்டும் சூடாக்குவதும், சமைக்கும்போது மிஞ்சிய வைட்டமின் சி-யைச் சிதைத்துவிடும். பெரிய சமையலறைகளில் காய் வேகும் நேரத்தைவிடப் பரிமாறக் காத்திருக்கும் நேரம் நீளமானது. அந்த இழப்பு வெளியே தெரிவதும் இல்லை. உணவக மேலாண்மை சார்ந்த கேள்வி வந்தால் சிறு சிறு தவணைகளாகச் சமைப்பதே இதற்கு விடை.

கடைசியாக, கணக்குக் கேள்வியில் மாணவர்களைத் தடுமாற வைக்கும் ஓர் இடம். ஒரு கேள்வி இப்படி இருந்தது: பச்சைக் கீரையில் 100 கிராமுக்கு 30 மில்லிகிராம் வைட்டமின் சி, வதக்கிய கீரையில் 100 கிராமுக்கு 35 மில்லிகிராம். 300 கிராம் கீரை வதக்கிய பின் 180 கிராமாகக் குறைந்தது. தக்கவைப்பு எவ்வளவு? பாதிப் பேர் 35-ஐ 30-ஆல் வகுத்து 117 சதவீதம் என்று எழுதி, "வதக்குவதால் வைட்டமின் சி அதிகரிக்கிறது" என்று முடிவும் சொல்லியிருந்தார்கள். அடுப்பில் வைட்டமின் சி உருவாக வழியே இல்லை. கீரை நீரை இழந்து சுருங்கியதால் 100 கிராமுக்குள் அதிக இலை வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எடையைச் சேர்த்துப் போட வேண்டும். முன்பு இருந்தது 300 கிராமில் 90 மில்லிகிராம். இப்போது இருப்பது 180 கிராமில் 63 மில்லிகிராம். 63-ஐ 90-ஆல் வகுத்தால் 70 சதவீதம். உண்மைத் தக்கவைப்பு என்று பாடநூல்கள் சொல்வது இந்த எண்ணைத்தான். 30 சதவீதம் போயிருக்கிறது. வதக்கியதில் வடிக்க நீர் இல்லாததால், இந்த 30 ஏறக்குறைய முழுவதும் சிதைவு. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் திருத்திய தாள்களில் ஒரே ஒருவர்தான் எழுதியிருந்தார். அதற்கென்று தனியாக மதிப்பெண் ஒதுக்கப்படவில்லை. விடைத்தாளின் ஓரத்தில் நான் ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைத்தேன்.